கல்ச்சர் ரிப்போர்ட்டில் சின்ன எண் இருக்கிற மருந்துதான் நல்ல மருந்தா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது, சுகர் உண்டு. ஒரு வாரமாக நீர் எரிச்சல், அடிக்கடி பாத்ரூம் போகிறார். காய்ச்சல் இல்லை. முதலில் கொடுத்த செஃபிக்சிம் மாத்திரையில் குறையவில்லை. யூரின் கல்ச்சரில் ஈ.கோலை, இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. மெரோபெனம் <=0.25 S, நைட்ரோஃபுரான்டாய்ன் <=16 S என்று போட்டிருக்கிறார்கள். எண் சின்னதாக இருப்பதுதானே பவர் கூடின மருந்து? அப்படியானால் டாக்டர் ஏன் 16 உள்ளதை எழுதிக் கொடுத்தார்? இந்த ரிப்போர்ட்டை எப்படித்தான் படிப்பது?

பதில்:

டாக்டர் எழுதியது சரிதான். காய்ச்சல் இல்லை, விலாவில் வலி இல்லை, சிறுநீரகம் ஓரளவு நன்றாக வேலை செய்கிறது என்றால் நானும் அதையேதான் சொல்வேன். லேபில் இந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற நுண்ணுயிரியல் மருத்துவராகப் பல வருஷம் இருந்துவிட்டேன். அந்த எண்களைப் பார்த்து நீங்கள் குழம்பியதுபோலவே எத்தனையோ வீடுகளில் குழம்புகிறார்கள். இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தில் இருபது மருந்தின் பெயரையும் எண்ணையும் வரிசையாக அச்சடித்துக் கொடுத்தால் யாருக்கும் அது மார்க் ஷீட் போலத்தான் தெரியும்.

பேசுவதற்கு வசதியாக, நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் முக்கியமான வரிகளை மட்டும் இங்கே எடுத்து எழுதிக்கொள்கிறேன்.

```
மாதிரி: சிறுநீர்      காலனி: >10^5 CFU/ml
கிருமி: ஈ.கோலை      இ.எஸ்.பி.எல்.: பாசிட்டிவ்

ஆம்பிசிலின்                >=32     R
செஃப்ட்ரியாக்சோன்           >=64     R
சிப்ரோஃப்ளாக்சசின்          >=4      R
கோட்ரைமாக்சசோல்          >=320    R
பிப்பரசிலின்-டாசோபாக்டம்    8        S
ஜென்டாமைசின்             <=1      S
மெரோபெனம்               <=0.25   S
நைட்ரோஃபுரான்டாய்ன்        <=16     S
ஃபாஸ்ஃபோமைசின்           <=16     S
```

எல்லாரும் நேராக மருந்துப் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது மேலே இருக்கிற அந்த இரண்டு வரியை. அங்கே கோளாறு இருந்தால் கீழே உள்ள S, R எல்லாம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயன் இல்லை.

">10^5 CFU/ml" என்பது ஒரு மில்லி சிறுநீரில் ஒரு லட்சத்துக்கும் மேல் உயிருள்ள கிருமிகள் என்று அர்த்தம். அதை எப்படி எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அது எவ்வளவு நம்பகமானது என்பதும் புரியும். ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் பிடிக்கிற சின்ன கம்பி வளையத்தைச் சிறுநீரில் தோய்த்து, ஊட்டச்சத்து ஜெல் ஊற்றிய தட்டில் இழுத்துவிடுவோம். தட்டை ஒரு இரவு முழுக்க உடல் சூட்டில் வைத்தால் ஒவ்வொரு கிருமியும் பெருகி, கண்ணுக்குத் தெரிகிற ஒரு புள்ளியாகிவிடும். நூறு புள்ளி வந்திருந்தால் ஆயிரத்தால் பெருக்கி ஒரு லட்சம் என்று எழுதுவோம். அவ்வளவுதான் கணக்கு.

இதில் ஒரு பலவீனம் இருக்கிறது. சிறுநீரைப் பிடித்த பிறகும் டப்பாவுக்குள் கிருமி பெருகிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும், இல்லையென்றால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்று சொல்கிறோம். காலை ஆறு மணிக்கு வீட்டில் பிடித்து, பஸ்ஸில் ஐந்து மணி நேரம் வெயிலில் வந்த டப்பாவை நான் வாங்கியிருக்கிறேன். அதில் வந்த ஒரு லட்சத்துக்கு என்ன மதிப்பு? தோலில் இருந்து வழிந்து வந்த நாலு கிருமி வழியில் லட்சமாக ஆகியிருக்கலாம். உங்கள் அம்மாவின் மாதிரியை லேபிலேயே பிடித்துக் கொடுத்தீர்களா, வீட்டிலிருந்து கொண்டுபோனீர்களா என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

அதோடு, அன்றைக்கே எடுத்த சாதாரண யூரின் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் 'பஸ் செல்ஸ்' என்று போட்டிருப்பது சீழ் செல்கள், அதாவது கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளை அணுக்கள். அது நிறைய இருந்து, கல்ச்சரில் ஒரே வகைக் கிருமி லட்சக்கணக்கில் வளர்ந்து, எரிச்சலும் இருந்தால் மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றன. மாறாக 'எபிதீலியல் செல்ஸ்' நிறைய இருந்து மூன்று நாலு வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருந்தால், அது மாதிரி பிடித்ததில் வந்த கலப்படம். அப்படி வந்தால் மருந்தைத் தேடாமல் புது மாதிரி கொடுப்பதுதான் வழி.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வயதானவர்களுக்கு இதனால்தான் தேவையில்லாமல் ஊசி போடப்படுகிறது. எரிச்சலோ வேறு எந்தத் தொந்தரவோ இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருப்பது வயதான பெண்களிடம் சாதாரணம். சுகர் உள்ளவர்களிடமும் சாதாரணம். கர்ப்பிணிகளையும், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர்களையும் தவிர மற்றவர்களுக்குப் பொதுவாக அதற்கு மருந்தே கொடுப்பதில்லை. மாஸ்டர் செக்கப்பில் எடுத்த கல்ச்சரில் கிருமி வந்துவிட்டது என்று பதறி வருகிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான். உங்கள் அம்மாவுக்கு ஒரு வாரமாக எரிச்சல் இருக்கிறது, அடிக்கடி போகிறார். அதனால் அவருக்கு இது உண்மையான நீர்ப்பை தொற்று. இனி பட்டியலுக்குப் போகலாம்.

S, R எழுத்துகளை எல்லாருக்கும் தெரியும். S என்றால் அந்த மருந்து வேலை செய்யும், R என்றால் கிருமி அதை எதிர்த்து நிற்கும். நடுவில் I என்று ஒன்று வரும், அதற்குக் கடைசியில் வருகிறேன். குழப்பம் எல்லாம் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணில்தான்.

அந்த எண்ணுக்கு எம்.ஐ.சி. என்று பெயர். ஒரு மருந்தைப் பல அளவில் கரைத்து வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் உங்கள் அம்மாவின் கிருமியைப் போட்டு வளர விட்டால், எந்தக் குறைந்தபட்ச அளவில் கிருமி வளராமல் நின்றுபோகிறதோ அந்த அளவுதான் இது. ஒரு மில்லிக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு. அளவுகள் 1, 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகப் போகும். இன்றைக்கு இயந்திரங்கள் சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் அட்டையில் இதைச் செய்கின்றன.

சரி, மெரோபெனத்துக்கு 0.25 போதும், நைட்ரோஃபுரான்டாய்னுக்கு 16 வேண்டியிருக்கிறது, அப்படியானால் மெரோபெனம்தானே உசத்தி என்று தோன்றும். அப்படி இல்லை. எவ்வளவு மருந்து தேவை என்பது பாதிக் கதை. அந்த மருந்தைக் கொடுத்தால் தொற்று இருக்கும் இடத்தில் எவ்வளவு சேரும் என்பதுதான் மீதிக் கதை. உப்பு ஒரு சிட்டிகை போதும், துவரம் பருப்பு ஒரு ஆழாக்கு வேண்டும். அதனால் சாம்பாருக்கு உப்பு உசத்தி, பருப்பு மட்டம் என்று யாரும் சொல்வதில்லை.

நைட்ரோஃபுரான்டாய்ன் கொஞ்சம் விசேஷமான மருந்து. மாத்திரையாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் அது ஒரு மில்லிக்கு 1 மைக்ரோகிராம்கூட நிற்காது. சிறுநீரகம் அதை வேக வேகமாக வடித்துச் சிறுநீரில் இறக்கிவிடும். அங்கே அது 50, 100, சில சமயம் 200 மைக்ரோகிராம் வரைகூடச் சேரும். கிருமிக்குத் தேவை 16 அல்லது அதற்கும் குறைவு, நீர்ப்பைக்குள் கிடைப்பதோ அதைப் போலப் பல மடங்கு. எரிச்சல் இருக்கிற இடமும் அதே நீர்ப்பைதான். பிறகு 16 எப்படிப் பெரிய எண் ஆகும்?

இப்படி ஒவ்வொரு மருந்தும் உடலில் எவ்வளவு சேரும், எத்தனை நோயாளிகளுக்குக் கேட்டது என்பதையெல்லாம் வைத்துத்தான் மருந்துக்கு ஒரு எல்லை எண்ணைக் குறித்திருக்கிறார்கள். நம் ஊர் லேப்கள் பெரும்பாலும் பின்பற்றுவது சி.எல்.எஸ்.ஐ. என்ற அமெரிக்க அமைப்பின் அட்டவணை. ஈ.கோலைக்கு அதில் நைட்ரோஃபுரான்டாய்னின் எல்லை 32. அதாவது 32 வரைக்கும் S. மெரோபெனத்தின் எல்லை 1. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு வெறும் 0.25. ஆக சிப்ரோவுக்கு 1 என்று வந்தாலே R, நைட்ரோஃபுரான்டாய்னுக்கு 32 வந்தாலும் S. ஒரு மருந்தின் எண்ணை அதன் சொந்த எல்லையோடு மட்டும்தான் ஒப்பிடலாம், பக்கத்து மருந்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. இந்த ஒப்பிடும் வேலையை லேப் ஏற்கெனவே செய்துதான் S என்றும் R என்றும் எழுதியிருக்கிறது.

எல்லையை எம்.ஐ.சி.யால் வகுத்து எது அதிகம் வருகிறதோ அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சிலர் ஒரு யோசனை சொல்வார்கள். உங்கள் ரிப்போர்ட்டை வைத்தே அதைச் செய்ய முடியாது என்று காட்டுகிறேன். "<=16" என்பதில் அந்த "<=" குறியைக் கவனியுங்கள். இயந்திர அட்டையில் அந்த மருந்துக்கு வைத்திருக்கும் மிகக் குறைந்த அளவே 16தான். அதிலேயே கிருமி வளரவில்லை, ஆகவே உண்மையான எண் 16ஆக இருக்கலாம், 8ஆகவோ 4ஆகவோ இருக்கலாம். மெரோபெனத்தின் <=0.25 என்பதும் அப்படித்தான். அதேபோல செஃப்ட்ரியாக்சோனின் >=64 என்பது அட்டையின் மேல் முனை. உண்மை எண்ணே தெரியாதபோது எதை எதால் வகுப்பது?

"<=" இல்லாமல் தனியாக நிற்கிற எண்ணுக்கும் ஒரு தடுமாற்றம் உண்டு. இந்தச் சோதனையில் ஒரு படி மேலே, ஒரு படி கீழே வருவது இயல்பு. இன்றைக்கு 8 வந்த கிருமிக்கு நாளை 4 வரலாம், 16ம் வரலாம். உங்கள் ரிப்போர்ட்டில் பிப்பரசிலின்-டாசோபாக்டம் 8, S என்று இருக்கிறது. இப்போதைய எல்லையும் சரியாக 8. விளிம்பில் நிற்கிற S அது. எழுத்து ஒன்றாகவே இருந்தாலும் அதை ஜென்டாமைசினின் <=1, S போல நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சில லேப்களில் எண்ணே இருக்காது, S, R மட்டும் இருக்கும், அல்லது மில்லிமீட்டரில் ஒரு அளவு இருக்கும். அது வேறு முறை. கிருமி பரப்பிய தட்டில் மருந்து ஊறிய சின்ன வட்ட அட்டைகளை வைப்பார்கள், மருந்து பரவிக் கிருமி வளராமல் விட்ட வெற்று வட்டத்தின் குறுக்களவை அளப்பார்கள். அங்கே எண் பெரிதானால் நல்லது, எம்.ஐ.சி.யில் சின்னதானால் நல்லது. எந்த முறை என்று பார்க்காமல் படித்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். அந்த முறையிலும் மருந்துக்கு மருந்து ஒப்பிடக் கூடாது, ஏனென்றால் சில மருந்துகள் ஜெல்லில் வேகமாகப் பரவும், சில மெதுவாக.

அடுத்து உங்களைப் பயமுறுத்தியிருக்கும் அந்த 'இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்'. இது புது நோய் இல்லை, தனிக் கிருமியும் இல்லை. நம் எல்லார் குடலிலும் இருக்கிற அதே ஈ.கோலைதான், ஆனால் ஒரு வகை மருந்துகளை வெட்டிப் போடுகிற நொதி ஒன்றைச் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறது. பென்சிலின் குடும்பத்துக்கும் செஃபலோஸ்போரின் குடும்பத்துக்கும் நடுவில் ஒரு வளையம் பொதுவாக உண்டு, அந்த வளையத்தை இந்த நொதி உடைத்துவிடுகிறது. அம்மாவுக்குக் கொடுத்த செஃபிக்சிம் அதே செஃபலோஸ்போரின் குடும்பம். ரிப்போர்ட்டில் அதன் பெயர் இல்லாவிட்டாலும் செஃப்ட்ரியாக்சோன் >=64 R என்ற வரியும் இந்த பாசிட்டிவும் சேர்ந்து, ஏன் குறையவில்லை என்பதைச் சொல்லிவிடுகின்றன. 'செஃப்' என்று தொடங்குகிற வேறு மாத்திரையை மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை.

இந்த நொதியின் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்கிற ஒரு சின்ன வளையத்தில் உட்கார்ந்திருக்கும், ஒரு கிருமி இன்னொன்றுக்கு அதைக் கைமாற்றிக் கொடுக்கும். வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பும் பல சமயம் அதே வளையத்தில் கூடவே பயணம் செய்யும். இப்படிப்பட்ட கிருமியிடம் சிப்ரோவுக்கும் கோட்ரைமாக்சசோலுக்கும் சேர்ந்து R வருவதை அடிக்கடி பார்க்கிறோம். மாத்திரையாகக் கொடுக்கிற வழக்கமான மருந்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் நைட்ரோஃபுரான்டாய்ன், ஃபாஸ்ஃபோமைசின் என்று இரண்டு மட்டும் மிஞ்சுவது இப்படித்தான்.

இதே காரணத்தால்தான் பிப்பரசிலின்-டாசோபாக்டம் என்ற அந்த வரியை நான் சந்தேகமாகப் பார்க்கிறேன். அதில் டாசோபாக்டம் என்பது நொதியை மடக்குகிற துணை மருந்து. லேப் தட்டில் அது நொதியை மடக்கிவிட்டதால் S என்று வருகிறது. ஆனால் உடலுக்குள், அதிலும் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்ட நோயாளியிடம், அந்த S பல சமயம் கைவிட்டுவிடும். செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத ஈ.கோலையும் கிளெப்சியெல்லாவும் ரத்தத்தில் ஏறியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த மருந்தையும் மறு பாதிக்கு மெரோபெனத்தையும் கொடுத்துப் பார்த்த மெரினோ ஆய்வு 2018ல் வெளியானது. 30 நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 12.3 சதவீதம், மெரோபெனப் பிரிவில் 3.7 சதவீதம். இத்தனைக்கும் அவர்கள் கிருமி பிப்பரசிலின்-டாசோபாக்டத்துக்கு S என்று சோதனையில் வந்ததுதான். எழுத்து ஒன்றுதான், நோய் எங்கே இருக்கிறது என்பது மாறினால் அதன் அர்த்தமும் மாறுகிறது.

அப்படியானால் மெரோபெனம்தான் பாதுகாப்பு என்று திரும்பவும் உங்களுக்குத் தோன்றலாம். ரத்தத்தில் ஏறியிருந்தால், ஆமாம், மெரோபெனம்தான். உங்கள் அம்மாவுக்கு நீர்ப்பையில் மட்டும் தொற்று. மெரோபெனத்தை மாத்திரையாகக் கொடுக்க முடியாது, நரம்பு வழியாக வழக்கமாக எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும், அதற்கு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். அதைவிட முக்கியமான விஷயம், மெரோபெனம் குடலில் இருக்கிற கிருமிக் கூட்டம் முழுவதையும் தாக்கும். அதில் பிழைப்பது மெரோபெனத்தையே எதிர்க்கிற கிருமிகள். அவை குடலில் குடியேறிவிட்டால் அடுத்த தடவை வருகிற ரிப்போர்ட்டில் மெரோபெனத்துக்கு நேரே R இருக்கும், அப்போது மிஞ்சுவது கொலிஸ்டின் போன்ற, சிறுநீரகத்தைப் பாதிக்கிற மருந்துகள். நைட்ரோஃபுரான்டாய்ன் சிறுநீரோடு போய்விடுவதால் குடலில் இந்தத் தொந்தரவை மிகக் குறைவாகவே செய்கிறது. டாக்டர் 0.25ஐ விட்டுவிட்டு 16ஐத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு டாக்டர் வேறு மருந்து எழுத வேண்டிய நிலைமையும் வரலாம். அதைத்தான் நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும்.

நைட்ரோஃபுரான்டாய்ன் ரத்தத்தில் நிற்பதில்லை என்று சொன்னேன். நீர்ப்பையில் அது பலம், மற்ற எல்லா இடத்திலும் அதுவே பலவீனம். சிறுநீரகத்தின் சதைக்குள் தொற்று ஏறிவிட்டால் அங்கே இந்த மருந்து போதுமான அளவு போய்ச் சேராது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்புறத்தில் தட்டினால் வலி, வாந்தி, புத்தி தடுமாறுவது, இதில் ஏதாவது ஒன்று வந்தால் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். S என்று போட்டிருக்கிறதே, மாத்திரை இன்னும் மூன்று நாளுக்கு இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் அச்சடித்த S நீர்ப்பைக்கு மட்டும் தந்த உத்தரவாதம். ஃபாஸ்ஃபோமைசினும் அப்படித்தான், 3 கிராம் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஒரே தடவை குடிப்பது, அதுவும் நீர்ப்பைத் தொற்றுக்குத்தான்.

இன்னொன்று கிரியேட்டினின். மருந்தைச் சிறுநீரில் இறக்குவதே சிறுநீரகம்தான் என்றால், சிறுநீரகம் தளர்ந்திருப்பவருக்கு மருந்து சிறுநீரில் சேராது, உடம்பில் தங்கிப் பக்கவிளைவு தரும். சுகர் உள்ளவர்களிடம் இதை நான் கட்டாயம் கேட்பேன். கிரியேட்டினின் 1.4 என்று இருந்தால் வீட்டில் யாரும் பதற மாட்டார்கள். ஆனால் 63 வயதுப் பெண்ணுக்கு அந்த எண்ணை வடிகட்டும் திறனாக மாற்றிப் பார்த்தால் 42 அளவில்தான் வரும். 0.9 இருந்தால் அது 70க்கு மேல். 45க்குக் கீழே போனால் இந்த மாத்திரையைப் பற்றி யோசிப்பார்கள், 30க்குக் கீழே கொடுப்பதில்லை. கடைசியாக எடுத்த கிரியேட்டினின் ஆறு மாதத்துக்கு முந்தியது என்றால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், சின்ன ரத்தப் பரிசோதனைதான். ஜி6பிடி குறைபாடு இருப்பதாக எப்போதாவது சொல்லியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர்களுக்கு இந்த மருந்து ரத்த அணுக்களை உடைக்கும்.

ஜென்டாமைசின் <=1 S என்று இருப்பதைப் பார்த்து, ஊசியாகவே போட்டுவிடலாமே என்று சொல்பவர்கள் இருப்பார்கள். வேலை செய்யும், சந்தேகம் இல்லை. ஆனால் அது நாள்கணக்கில் போனால் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கிற மருந்து. 63 வயதில், சுகரோடு, மாத்திரையில் போகிற ஒரு தொற்றுக்கு அது வேண்டாம். மாத்திரை எதுவும் ஒத்துவராத நிலையில் டாக்டர் அந்தக் குடும்பத்திலிருந்து ஒரே ஒரு ஊசி போட நினைத்தால் அது வேறு விஷயம், அது ஏற்றுக்கொண்ட முறைதான்.

I பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். உங்கள் ரிப்போர்ட்டில் இல்லை, ஆனாலும் அடுத்ததில் வரலாம். பழைய பழக்கத்தில் எல்லாரும் அதைப் 'பாதி வேலை செய்யும்' என்று படிக்கிறார்கள். பல மருந்துகளுக்கு அதன் அர்த்தம் அளவைக் கூட்டிக் கொடுத்தாலோ, அந்த மருந்து இயல்பாகவே அதிகம் சேருகிற இடத்தில் தொற்று இருந்தாலோ வேலை செய்யும் என்பதுதான். சில ரிப்போர்ட்டில் அதற்காகவே SDD என்று தனியாகப் போடுவார்கள். ஐரோப்பிய அட்டவணையைப் பின்பற்றும் லேபில் I என்றால் 'கூடுதல் அளவில் கேட்கும்' என்றே பொருள். இதை டாக்டர் அளவை மாற்றித்தான் பயன்படுத்த முடியும், வீட்டில் அதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வர முடியாது.

ரிப்போர்ட்டின் அடியில் எந்த வருஷத்து அட்டவணை என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதையும் பார்த்து வையுங்கள். எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 2019 வரை 1 வரைக்கும் S, அதற்குப் பிறகு 0.25 வரைக்கும்தான். ஒரே கிருமி 0.5 என்று வந்தால் பழைய அட்டவணை வைத்திருக்கும் லேபில் S, புதியது வைத்திருக்கும் லேபில் I. இரண்டு இடத்தில் கொடுத்து இரண்டு பதில் வந்ததற்கு, எந்த லேபும் ஏமாற்றவில்லை, அட்டவணைதான் வேறு என்பதை நானே இப்படிக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

சிலர் கேட்பார்கள், R என்று வந்த மருந்திலேயே எனக்குக் குறைந்துவிட்டதே, ரிப்போர்ட் தப்பா என்று. தப்பில்லை. S உள்ள மருந்து கொடுத்தால் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குக் கேட்கும், R உள்ளதைக் கொடுத்தாலும் ஆறு பேருக்குக் குணமாகிவிடும் என்று எங்கள் துறையில் ஒரு கணக்கு வழக்கத்தில் உண்டு. உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியும் வேலை செய்கிறதே. அதனால் ரிப்போர்ட் வருவதற்குள் எரிச்சல் முழுக்க நின்றுபோயிருந்தால், R என்று பார்த்ததும் மருந்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை, டாக்டரோடு பேசி முடிவெடுக்கலாம். உங்கள் அம்மாவுக்கு நிற்கவில்லை, ஆகவே மாற்றியது சரி.

நைட்ரோஃபுரான்டாய்ன் வழக்கமாக 5 நாள். சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாக உறிஞ்சும், வயிற்றையும் புரட்டாது. சிறுநீர் பழுப்பாகப் போகலாம், அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாளில் எரிச்சல் நன்றாகக் குறைய வேண்டும். முழுக்கக் குறைந்துவிட்டால் கிருமி போய்விட்டதா என்று பார்ப்பதற்காக இன்னொரு கல்ச்சர் எடுக்காதீர்கள். குடலில் இருக்கும் அதே இ.எஸ்.பி.எல். கிருமி சிறுநீரில் கொஞ்சம் திரும்ப எட்டிப் பார்க்கும், அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத் திரும்பவும் மருந்து ஆரம்பிக்கும்.

குறையவில்லை என்றால் மட்டும் புது மாதிரி கொடுங்கள். அடுத்த ஆன்டிபயாட்டிக் எதையும் தொடங்கும் முன்னால் கொடுக்க வேண்டும், கடையில் வாங்கிய இரண்டு மாத்திரை உள்ளே போனாலே தட்டில் 'வளர்ச்சி இல்லை' என்று வந்துவிடும், தொற்று இருந்தும் தெரியாது. அம்மாவைக் கழுவிக்கொள்ளச் சொல்லி, முதலில் வருகிற சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லுங்கள், லேபிலேயே பிடித்தால் இன்னும் நல்லது. பதில் வர இரண்டு நாளாவது ஆகும், முதல் நாள் கிருமி வளர வேண்டும், அடுத்த நாள்தான் மருந்துகளை வைத்துப் பார்க்க முடியும். இப்போது கையில் இருக்கிற இந்த ரிப்போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த சில மாதங்களில் திரும்ப எரிச்சல் வந்தால், புதிய ரிப்போர்ட் வரும்வரை எந்த மருந்தில் ஆரம்பிப்பது என்று டாக்டர் முடிவு செய்ய அந்த 'இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்' என்ற ஒரு வரி உதவும், திரும்பவும் செஃபிக்சிமில் ஒரு வாரம் போகாது.